ப்ராசஸர் தூங்கும்போது எண்களைச் சுமப்பது யார்?

இங்கிலாந்தின் காடுகளில் இரவு நேரத்தில் நின்றால் மனிதக் காதுக்கு அதிகம் கேட்காது. ஆனால் அங்கே பெரிய இரைச்சல் நடந்துகொண்டிருக்கும். பிப்பிஸ்ட்ரெல் என்ற சின்ன வவ்வால் நொடிக்கு 45,000 அதிர்வு என்ற அளவில் கத்திக்கொண்டு பூச்சி தேடும். சிறிய லாட வவ்வால் அதையும் தாண்டி 1,10,000 அதிர்வுக்கு அருகே போகும். நம் காதின் எல்லை நன்றாகக் கேட்கிற வயதிலேயே சுமார் 20,000தான். எந்த வவ்வால் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுக்க விரும்புகிறவர்கள், காது எட்டாத இந்தக் குரலை ஒரு கருவியில் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

அந்தக் கருவிகளில் பெயர் பெற்றது ஆடியோமாத். சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகங்களைச் சார்ந்து வேலை செய்த ஆண்ட்ரூ ஹில், பீட்டர் பிரின்ஸ், அலெக்ஸ் ராஜர்ஸ் ஆகியோர் உருவாக்கியது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சர்க்யூட் பலகை, அதன் முதுகில் மூன்று ஏஏ பேட்டரி, ஓர் ஓரத்தில் மைக்ரோ எஸ்டி கார்டு. மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். வடிவமைப்பும் மென்பொருளும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைக்கப்பட்டிருப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று நாமே எட்டிப் பார்க்க முடிகிறது. இந்தக் கட்டுரைக்கு வவ்வாலைவிட அந்த உள்வேலைதான் முக்கியம்.

ஒலி மைக்கில் மின்னழுத்தமாக மாறுகிறது. அந்த மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏடிசி என்று பெயர். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் ஓர் எண் பிறக்கும். அதைச் சாம்பிள் என்பார்கள். ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க அதன் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. லாட வவ்வாலின் குரலுக்கு நொடிக்கு 2,20,000 தடவைக்கு மேல் அளந்தாக வேண்டும். ஆடியோமாத்தின் உச்ச வேகம் நொடிக்கு 3,84,000 சாம்பிள். இவ்வளவு எண்களையும் ஒன்றுவிடாமல், வரிசை மாறாமல் நினைவகத்தில் சேர்க்க வேண்டும்.

ஆடியோமாத்தில் இருப்பது நொடிக்கு 4.8 கோடி கடிகாரத் துடிப்பில் ஓடும் ஒரு சிறிய ப்ராசஸர், இஎஃப்எம்32 வொண்டர் கெக்கோ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. 4.8 கோடியை 3,84,000-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 125 வருகிறது. அதாவது ஒரு சாம்பிளுக்கும் அடுத்த சாம்பிளுக்கும் நடுவே ப்ராசஸருக்குக் கிடைப்பது 125 துடிப்பு. நேரமாகச் சொன்னால் 2.6 மைக்ரோநொடி.

இந்த எண்களை ப்ராசஸரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏடிசி ஓர் எண்ணை முடித்ததும் “வந்து எடுத்துக்கொள்” என்று சைகை காட்டும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். ப்ராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்த வேண்டும்; பாதியில் விட்ட கணக்கு கலைந்துவிடாமல் தன் உள் ரெஜிஸ்டர்களில் எட்டை நினைவகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். இந்த வகை ப்ராசஸரில் இதற்கே 12 துடிப்பு போய்விடும். வேலை முடிந்து பழைய இடத்துக்குத் திரும்ப ஏறத்தாழ அதே அளவு. நடுவில் உண்மையான வேலை: ஏடிசியிலிருந்து எண்ணைப் படி, நினைவகத்தில் எழுது, அடுத்த இடத்துக்கு நகர், பஃபர் நிறைந்துவிட்டதா என்று பார். கஞ்சத்தனமாக எழுதினாலும் எல்லாம் சேர்த்து ஐம்பது, அறுபது துடிப்பு ஆகிவிடும். 125-இல் கிட்டத்தட்ட பாதி, ஓர் எண்ணை அங்கிருந்து இங்கே நகர்த்துவதற்கு மட்டும்.

பாதிதானே போகிறது, மீதிப் பாதி இருக்கிறதே என்று தோன்றலாம். தொந்தரவு சராசரியில் இல்லை, கெடுவில் இருக்கிறது. எஸ்டி கார்டுக்கு எழுதும் நிரல் ஏதோ ஒரு நுணுக்கமான இடத்தில் இன்டரப்டுகளைச் சற்று நேரம் தடுத்து வைக்கும். அந்தச் சற்று நேரம் மூன்று மைக்ரோநொடி ஆனால் போதும். புதிய எண் வந்து பழைய எண்ணின் மேலேயே விழுந்துவிடும். ஏடிசி தன் பங்குக்கு “ஒன்று தவறிவிட்டது” என்று ஓர் எச்சரிக்கைக் கொடியை உயர்த்தும். ஆனால் நிரல் அந்தக் கொடியைப் பார்த்தால்தானே! பெரும்பாலான நிரல்கள் பார்ப்பதில்லை.

இந்தச் சுமையை வாங்கிக்கொள்ளத்தான் அதே சிப்புக்குள் டிஎம்ஏ என்ற தனிப் பகுதி இருக்கிறது. ப்ராசஸரைக் கேட்காமல் நேரடியாக நினைவகத்தைத் தொடும் உரிமை பெற்றது என்பது பெயரின் பொருள். இதற்குக் கணக்குப் போடத் தெரியாது, முடிவெடுக்கத் தெரியாது. ஓர் முகவரியில் இருப்பதைப் படித்து இன்னொரு முகவரியில் எழுதும். எத்தனை தடவை என்று எண்ணும். சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் தெரிவிக்கும். தெரிந்தது இவ்வளவுதான்.

வேலையை அதனிடம் ஒப்படைப்பது எப்படி? நினைவகத்தில் ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைக்கிறோம். அதை டிஸ்கிரிப்டர் என்பார்கள். எங்கிருந்து எடுப்பது என்பது முதல் வரி: ஏடிசியின் முடிவு வந்து உட்காரும் ரெஜிஸ்டரின் முகவரி. எங்கே வைப்பது என்பது இரண்டாவது: பஃபரின் முகவரி. மூன்றாவது வரியில் மீதி விவரம் எல்லாம்: ஒரு தடவைக்கு எத்தனை பைட், எத்தனை தடவை, ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் முகவரி நகர வேண்டுமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு இரு பக்கமும் விடை வேறு. எடுக்கும் முகவரி நகரக் கூடாது, ஏனென்றால் ஏடிசி எப்போதும் ஒரே இடத்தில்தான் எண்ணை வைக்கும். வைக்கும் முகவரி ஒவ்வொரு தடவையும் இரண்டு பைட் நகர வேண்டும். இதை மாற்றிக் குறித்துவிட்டால் வரும் விளைவு வேடிக்கையாக இருக்கும்: பஃபரின் முதல் அறையில் மட்டும் எண் துடித்துக்கொண்டே இருக்கும், மற்ற அறைகள் எல்லாம் பூஜ்யம். டிஎம்ஏ புதிதாகப் பழகுகிறவர்கள் திரையில் இந்தக் காட்சியைப் பார்க்காமல் தாண்டுவது அபூர்வம்.

குறிப்பு எழுதியாயிற்று. இனி ஏடிசியை யார் தட்டி எழுப்புவது? அதையும் ப்ராசஸர் செய்வதில்லை. ஒரு டைமரை 125 துடிப்புக்கு ஒரு முறை தட்டும்படி வைத்து, அந்தத் தட்டலைச் சிப்புக்குள்ளேயே ஏடிசிக்கு இணைத்துவிடலாம். டைமர் தட்டும், ஏடிசி அளக்கும், அளந்து முடித்ததும் டிஎம்ஏவுக்குச் சைகை போகும், டிஎம்ஏ எண்ணை எடுத்துப் பஃபரில் வைக்கும். இந்தச் சங்கிலியில் மென்பொருளின் ஒரு வரிகூடக் குறுக்கே வருவதில்லை. இதில் இன்னொரு ஆதாயம், பலர் சொல்லாமல் விடுவது: இரு அளவுகளுக்கு இடையிலான நேரம் துல்லியமாக ஒன்றாக இருக்கும். ப்ராசஸர் தன் வேலைக்கு நடுவே ஓடிவந்து ஏடிசியைத் தட்டியிருந்தால் ஒரு தடவை சீக்கிரம், ஒரு தடவை தாமதம் என்று ஆட்டம் இருக்கும். 45,000 அதிர்வு ஒலியில் ஓர் அலை முடிய 22 மைக்ரோநொடிதான். அதில் அரை மைக்ரோநொடி முன்னே பின்னே போனாலும் பதிவில் அது இரைச்சலாகத்தான் வந்து சேரும். பிறகு எந்த வடிகட்டியாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

டிஎம்ஏ முற்றிலும் இலவசம் என்றும் நினைத்துவிடக் கூடாது. நினைவகத்துக்குப் போகும் பாதையை அதுவும் ப்ராசஸரும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தைக் கேட்டால் ஒன்று சில துடிப்பு காத்திருக்க வேண்டும். ஆனால் செய்த வேலையை நிறுத்துவது, ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்துவது, திரும்பி வருவது என்ற செலவு எதுவும் இல்லை.

அடுத்த சிக்கல் பஃபர் நிறையும் தருணம். இந்தச் சிப்பில் ஒரு குறிப்புக்கு அதிகபட்சம் 1,024 தடவைதான் எண்ண முடியும். எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் பத்து பிட். 1,024 சாம்பிள் நிறைய 2.67 மில்லிநொடி ஆகும். நிறைந்த பிறகு ப்ராசஸர் வந்து புதிய குறிப்பு எழுதும்வரை டிஎம்ஏ சும்மா நின்றால், அந்த இடைவெளியில் வந்த எண்கள் போய்விடும். அதனால் பஃபர் இரண்டாக வைக்கப்படுகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது ஒரு குடம் நிறைகிற நேரத்தில் இன்னொன்றை வீட்டுக்குள் கொட்டிவிட்டு வந்துவிடுவார்களே, அதே ஏற்பாடு. பெயர் பிங்பாங். இரண்டு பஃபர், இரண்டு குறிப்பு. முதல் குறிப்பு முடிந்ததும் டிஎம்ஏ தானாகவே இரண்டாவதுக்குத் தாவிவிடும். ப்ராசஸருக்கு ஓர் இன்டரப்ட் அனுப்பும். நொடிக்கு 3,84,000 இன்டரப்ட் இருந்த இடத்தில் இப்போது 375.

அந்த இன்டரப்டில் ப்ராசஸர் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். நிறைந்த பஃபரைக் காலி செய்வது ஒன்று, முடிந்துபோன குறிப்பை மறுபடி உயிர்ப்பிப்பது மற்றொன்று. சிப் தயாரிப்பாளரான சிலிகான் லேப்ஸின் நிரல் தொகுப்பில் இரண்டாவது காரியத்துக்கு ஒரே ஒரு வரி:

```c
DMA_RefreshPingPong(0, isPrimary, false, NULL, NULL, 1024 - 1, false);
```

முதல் எண் டிஎம்ஏவின் எந்தத் தடத்தில் என்பதைச் சொல்கிறது. `isPrimary` என்பது முடிந்தது முதல் குறிப்பா இரண்டாவதா என்பது. இரண்டு `NULL`-உம் முகவரிகளை மாற்ற வேண்டாம், பழையதே இருக்கட்டும் என்று பொருள். `1024 - 1` என்று எழுதியிருப்பதற்குக் காரணம், வன்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதுதான். 1024 என்றே கொடுத்தால் பத்து பிட்டில் அது அடங்காது. கடைசி `false`, இது இறுதிச் சுற்று அல்ல என்பதைச் சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது. ப்ராசஸரின் வேலை மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு சாம்பிளையும் அது வடிகட்ட வேண்டும், வெளிநினைவகத்துக்கு நகர்த்த வேண்டும். சராசரியாக ஒரு சாம்பிளுக்கு 125 துடிப்பு என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. மாறியது கெடு. முன்பு 2.6 மைக்ரோநொடிக்குள் ஓடிவர வேண்டும், இப்போது 2.67 மில்லிநொடிக்குள் வந்தால் போதும். ஆயிரம் மடங்கு மூச்சுவிட நேரம். எஸ்டி கார்டு நிரல் எங்காவது பத்து மைக்ரோநொடி இன்டரப்டைத் தடுத்து வைத்தாலும் ஓர் எண்கூடத் தவறாது. வேலை முடிந்தால் அடுத்த இன்டரப்ட் வரை ப்ராசஸர் தூங்கலாம். டைமரும் ஏடிசியும் டிஎம்ஏவும் மட்டும் விழித்திருக்கும். மரத்தில் கட்டிய கருவிக்கு மூன்று பேட்டரியை இழுத்துப்பிடிக்க இந்தத் தூக்கம் தேவை.

எண்கள் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எஸ்டி கார்டு. அது ஒரு சண்டிக்குதிரை. பத்து தடவை சொன்னவுடன் எழுதும். பதினோராவது தடவை தனக்குள்ளே பழைய பக்கங்களை அழிப்பது, இடம் மாற்றுவது என்று எதையோ செய்துகொண்டு “வேலையாக இருக்கிறேன்” என்று நிறுத்திவைக்கும். எஸ்டிஹெச்சி வகைக் கார்டு இப்படி 250 மில்லிநொடி வரை காக்க வைக்கலாம் என்று எஸ்டி விதிமுறையே அனுமதிக்கிறது. அந்தக் கால் நொடியில் 96,000 சாம்பிள் வந்து குவியும். பிங்பாங் பஃபர் இரண்டும் சேர்ந்து தாங்குவது 2,048-ஐத்தான்.

இதற்காகவே ஆடியோமாத் பலகையில் தனியாக 256 கிலோபைட் நினைவகச் சிப் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. நிரல் அதை எட்டு அறைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஓர் அறைக்கு 16,384 சாம்பிள். நிறைய 43 மில்லிநொடி. முதல் அறை நிறைந்ததும் அதைக் கார்டுக்கு எழுத ஆரம்பிக்கிறார்கள். அதே நேரம் புதிய எண்கள் இரண்டாம் அறையில் விழுகின்றன. கார்டு அந்த முதல் எழுத்திலேயே மடங்கி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஏழு அறைகள் நிறைய 299 மில்லிநொடி. அதற்குள் கார்டு மனமிரங்கினால் எல்லாம் சுகம். 250-க்கும் 299-க்கும் நடுவில் இருக்கும் அந்த 49 மில்லிநொடிதான் இந்த ஏற்பாட்டின் மொத்தப் பாதுகாப்பு. பெரிய கொள்ளளவு எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளுக்கு விதிமுறை அரை நொடி வரை அனுமதிக்கிறது. நல்ல கார்டுகள் அந்த எல்லையைத் தொடுவதில்லை என்றாலும், வவ்வால் வேலைக்குப் போகிறவர்கள் மலிவான கார்டைத் தவிர்ப்பது வீண் பயம் அல்ல. கார்டின் சராசரி வேகமே நொடிக்கு 768 கிலோபைட்டுக்குக் குறைவு என்றால் எத்தனை பெரிய பஃபரும் உதவாது. நிரம்புவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

ஒரு பகுதி தவறிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எந்தப் பிழையும் காட்டாது. கோப்பு ஒழுங்காகத் திறக்கும்; ஒலியும் கேட்கும். பிப்பிஸ்ட்ரெல்லின் ஒரு கூவல் சுமார் ஐந்து மில்லிநொடி நீளம். 2.67 மில்லிநொடித் துண்டு ஒன்று காணாமல் போனால் கூவலில் பாதி போய், இரு முனைகள் ஒட்டிக்கொள்ளும். கேட்கிறவருக்கு அது விநோதமான புது வவ்வாலாகத் தோன்றும். கணினி வகைப்படுத்தி வேறோர் இனத்தின் பெயரை ஒட்டிவிடக்கூடும்.

நேரடியான சோதனை, ஒரே சீரான ஒலியைக் கருவிக்குக் கொடுத்துப் பதிவு செய்து ஸ்பெக்ட்ரோகிராம் படமாகப் பார்ப்பது. சீரான ஒலி படத்தில் கிடைக்கோடாக ஓடும். எங்கே தையல் தப்பியதோ அங்கே அலை திடீரென்று முறிவதால், கீழிருந்து மேல்வரை ஒரு செங்குத்துக் கோடு விழும். அந்தச் செங்குத்துக் கோடுகளின் இடைவெளியை அளந்தால் குற்றவாளியும் தெரிந்துவிடும். 2.67 மில்லிநொடியின் மடங்குகளில் வந்தால் பிங்பாங் பஃபரைக் காலி செய்வதில் தாமதம். 43-இன் மடங்குகளில் வந்தால் அறைகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிட்டன, கார்டைப் பாருங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் டிஎம்ஏவை விட்டுவிட்டு மைக்கின் சாலிடரைச் சோதிப்பது நல்லது.

எனக்கு அதைவிடப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. டிஎம்ஏவுக்கு அது எதைச் சுமக்கிறது என்று தெரியாது. முகவரிதான் தெரியும். அதனால் சைகை ஏடிசியிடமிருந்தே வரட்டும் என்று விட்டுவிட்டு, எடுக்கும் முகவரியை மட்டும் மாற்றி, ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு டைமரின் எண்ணிக்கை ரெஜிஸ்டரைக் காட்டிவிடலாம். இப்போது பஃபரில் விழுவது ஒலி அல்ல, நேரம். ப்ராசஸரின் வேகத்திலேயே ஓடும் டைமர் என்றால் ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட 125 கூடுதலாக இருக்க வேண்டும். 65,535-ஐத் தாண்டும்போது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதற்கு மட்டும் கணக்கில் இடம் விட வேண்டும். கோப்பை எடுத்துப் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்தால் 124, 126, 125, 127 என்று லேசாக ஆடிக்கொண்டு போகும். அந்த ஆட்டம் டிஎம்ஏ பாதைக்காகக் காத்திருந்த நேரம். நியாயமானது, அளவின் நேரத்தையும் அது பாதிப்பதில்லை, ஏனென்றால் அளந்து முடித்த பிறகுதான் இந்தக் காத்திருப்பு. 250 என்று ஓர் எண் வந்தால் அந்த இடத்தில் சரியாக ஒரு சாம்பிள் தொலைந்திருக்கிறது. மூன்றாவது எண்ணா, முப்பது லட்சமாவது எண்ணா என்று இடத்தைச் சுட்டிக் காட்டிவிடலாம்.

பெரிய சிப்புகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. கார்டெக்ஸ்-எம்7 போன்ற வேகமான ப்ராசஸர்கள் நினைவகத்தின் பகுதிகளை 32 பைட் துண்டுகளாகத் தங்கள் அருகில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். இது கேஷ். டிஎம்ஏ அசல் நினைவகத்தில் புது எண்களை எழுதியிருக்கும். ப்ராசஸரோ தன் கேஷில் உள்ள பழைய நகலைப் படித்துக்கொண்டிருக்கும். இதன் அடையாளம், பதிவில் பதினாறு பதினாறு சாம்பிளாகப் பழைய சத்தம் திரும்ப வருவது. படிக்கும் முன் அந்தப் பகுதியின் நகலைச் செல்லாததாக்க வேண்டும், அல்லது பஃபரைக் கேஷ் தொடாத இடத்தில் வைக்க வேண்டும். ஆடியோமாத்தின் சிப்பில் தரவுக்கான கேஷ் கிடையாது என்பதால் இந்தத் தலைவலி அதற்கு இல்லை.

வேலைக்கேற்ப பஃபரின் அளவும் மாறும். வவ்வால் பதிவுக்கு 2.67 மில்லிநொடி தாமதம் ஒரு பொருட்டே அல்ல. காலையில் வந்து கார்டை எடுப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்து அடுத்த நொடித்துளியிலேயே திருத்த வேண்டிய கட்டுப்பாட்டுக் கருவியில் 1,024 சாம்பிள் சேரும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அங்கே டிஎம்ஏ ஒரு சுற்றுக்கு இரண்டோ மூன்றோ எண்ணை மட்டும் சேர்த்துவிட்டு உடனே ப்ராசஸரை அழைக்கும். இன்டரப்ட் எண்ணிக்கை மறுபடி ஆயிரக்கணக்கில் ஏறும். அதை ஏற்றுக்கொண்டுதான் அந்தக் கருவிகளை வடிவமைக்கிறார்கள்.